மூன்று மாத சர்வீஸ் உங்களுக்கு எத்தனை கிலோமீட்டர்?

அண்ணா, வணக்கம். தர்மபுரியில் பகலில் பார்சல், ராத்திரி சாப்பாடு டெலிவரி என்று இரண்டு வேலை பார்க்கிறேன். பார்சல் ரூட் நல்லம்பள்ளி, தொப்பூர் பக்கம். மதியம் மூன்று மணிக்கு அது முடியும். சாப்பாடு டெலிவரி ஏழு மணிக்கு மேல். ஒரு நாளைக்கு 125 கிலோமீட்டர் ஓடுகிறது, ஞாயிறு மட்டும் லீவு. 100 சிசி வண்டி, வாங்கி 14 மாதம், மீட்டரில் 46,000. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் சர்வீஸ் விடுகிறேன். போன தடவை ஆயில் இறக்கியபோது கால் லிட்டர்தான் வந்தது. "இன்ஜின் போச்சு, போர் வேலை வரும்" என்று சொல்லிவிட்டார்கள். 6,000 கிலோமீட்டருக்கு முன்னால் செயின் மட்டும் புதிதாகப் போட்டேன். இப்போதே கரகரவென்று சத்தம், வாரம் ஒருமுறை டைட் வைக்கிறேன். பின் பிரேக் ரொம்ப ஆழமாகப் போகிறது. எதை எப்போது பார்ப்பது, எதை மாற்றுவது? வண்டியை ஒரு நாள் முழுக்க விட்டால் அன்றைய வருமானம் போய்விடும்.

— வாசகர், தர்மபுரி

தம்பி, முதலில் பிரேக்கைப் பாருங்கள். இன்ஜின் பேச்செல்லாம் அதற்கப்புறம். நீங்கள் பார்சல் மூட்டையோடு இறங்குவது தொப்பூர் கணவாய். கட்டமேட்டிலிருந்து இரட்டைப் பாலம் வரை அந்த இறக்கத்தில் லாரிகளுக்கே பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உங்கள் டிரம் பிரேக்குக்கு மட்டும் தனிச் சலுகை கிடையாது.

பின் சக்கரத்தில் பிரேக் ராடு வந்து சேரும் இடத்தில் ஒரு சின்னக் கை இருக்கும். அதன் அடியில் ஒரு அம்புக்குறி, டிரம் மூடியில் ஒரு கோடு. ஒருவர் பெடலை முழுக்க மிதித்துக்கொண்டிருக்க நீங்கள் குனிந்து பாருங்கள். அம்பு அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டால் பிரேக் ஷூ தேய்ந்து முடிந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் நட்டை முறுக்குவதில் பயனில்லை. முறுக்க முறுக்கப் பெடல் மேலே வரும், பிரேக் பிடிப்பது போலவும் இருக்கும். ஆனால் உள்ளே ஷூவை விரிக்கும் கேம் அதன் கடைசித் திருப்பத்தில் நிற்கும். அங்கிருந்து எவ்வளவு மிதித்தாலும் விசை ஷூவுக்குப் போய்ச் சேராது. சில சமயம் கேம் புரண்டு சக்கரம் அப்படியே இறுகிக்கொள்ளும். இறக்கத்தில் அப்படி ஆனால் என்ன நடக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

ஷூ மாற்றும்போது டிரம்மின் உள்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே எத்தனை மில்லிமீட்டர் வரை தேயலாம் என்று டிரம்மிலேயே பொறித்திருப்பார்கள். 130 மில்லிமீட்டர் டிரம் என்றால் 131 தான் எல்லை. அதைத் தாண்டிய டிரம்மில் புது ஷூ போட்டாலும் ஓரம் மட்டும்தான் பிடிக்கும், மாதத்துக்குள் மறுபடி வந்து நிற்பீர்கள். உங்கள் வண்டி 2019 ஏப்ரலுக்கு அப்புறம் வந்தது. ஆகவே பின் பெடலை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு அதில் இருக்கும். பின்னால் மட்டும் புது ஷூ போட்டு முன்னாலுள்ள தேய்ந்ததை அப்படியே விட்டால் இரண்டுக்கும் பொருத்தம் வராது. இரண்டையும் கழற்றிப் பார்த்துவிட்டு, முன்பக்கம் அட்ஜஸ்ட் செய்த பிறகே பின்பக்கம் தொடச் சொல்லுங்கள். மலிவான ஷூ வேண்டாம். ஒரு கடையில் பாதி விலைக்குக் கிடைத்ததென்று வாங்கி ஒருவருக்குப் போட்டேன். மூன்றாவது வாரம் லைனிங் ஷூவிலிருந்து தகடு மாதிரி உரிந்து வந்துவிட்டது. நல்லவேளை, அது பஸ் ஸ்டாண்டு பக்கம் மெதுவாகப் போகும்போது.

இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் அதையும் இன்றோடு விடுங்கள். மூன்றாவது கியரில் இறங்கினால் வண்டியின் பாரத்தைப் பாதி இன்ஜினே தாங்கும். ஷூ இரண்டு மடங்கு நாள் வருவதை நீங்களே பார்ப்பீர்கள்.

இப்போது உங்கள் கால் லிட்டர் ஆயில் கணக்குக்கு வருவோம். சர்வீஸ் புத்தகத்தில் "இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அது" என்று போட்டிருக்கும். வீட்டிலிருந்து ஆபீஸ் போய் வருகிறவருக்கு மாதம் முதலில் வரும். உங்களுக்குக் கிலோமீட்டர்தான் எப்போதும் முதலில் வரும். ஒரு நாளைக்கு 125, மாதம் 26 நாள் என்றால் 3,250 கிலோமீட்டர். மூன்று மாதத்தில் பத்தாயிரத்தைத் தொட்டுவிடுகிறீர்கள். தவறாமல் சர்வீஸ் விட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தேதியை நீங்கள் தவறவிடவில்லை, கிலோமீட்டர்தான் ஒவ்வொரு முறையும் தவறிப்போனது.

நூறு சிசி வண்டியில் ஆயில் ஒரு லிட்டர் வாக்கில்தான் இருக்கும். பத்தாயிரம் கிலோமீட்டரில் அதில் முக்கால் லிட்டர் காணாமல் போயிருக்கிறது. பிரித்துப் பார்த்தால் ஆயிரம் கிலோமீட்டருக்கு 70, 75 மில்லி. கேட்க பயங்கரமாக இருந்தாலும், தினம் ஆறு மணி நேரம் சூட்டில் ஓடும் இன்ஜினுக்கு இது மரண வாக்குமூலம் இல்லை. நடுவில் ஒருமுறைகூட ஆயில் மட்டம் பார்க்காததும் ஊற்றாததும்தான் பெரிய தப்பு. கடைசி இரண்டு மூவாயிரம் கிலோமீட்டர் இன்ஜின் அரைகுறை ஆயிலில் ஓடியிருக்கிறது. அதனால் மேலே ஹெட்டில் கேம், ராக்கர் எல்லாம் கொஞ்சம் அடிவாங்கியிருக்கலாம். ஆனால் அதை வைத்து நேராகப் போர் வேலைக்குப் போக நான் சம்மதிக்க மாட்டேன். முதலில் அளந்து பார்ப்போம்.

அளப்பது இப்படி. ஆயில் மாற்றி, டிப் ஸ்டிக்கில் மேல் கோடு வரை நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 500 கிலோமீட்டர் ஆனதும், அதாவது உங்களுக்கு நான்கு நாள், வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் போட்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இன்னும் மூன்று நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பாருங்கள். சில வண்டியில் அதை மரையில் திருகாமல் சும்மா வைத்துப் பார்க்க வேண்டும், சிலதில் திருக வேண்டும். உங்கள் புத்தகத்தில் எப்படிப் போட்டிருக்கிறதோ அப்படியே ஒவ்வொரு முறையும் செய்யுங்கள். முறை மாறினால் அளவும் மாறிவிடும். இருமல் மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடி வீட்டில் இருக்குமே, அதால் அளந்து மேல் கோடு வரை ஊற்றி எத்தனை மில்லி என்று எழுதி வையுங்கள். மேல் கோட்டைத் தாண்டியும் ஊற்றக் கூடாது. அதிகமான ஆயில் ஏர் ஃபில்டர் பக்கம் வெளியேறி வேறு வில்லங்கம் செய்யும்.

ஆயிரம் கிலோமீட்டருக்கு நூறு மில்லிக்குள் நின்றால் ஊற்றிக்கொண்டே ஓட்டுங்கள். இருநூறைத் தாண்டினால் பிரிக்க வேண்டியதுதான். அப்போதும் எதைப் பிரிப்பது என்பதைப் புகை சொல்லும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை ஒரு குப்பென்று வந்து நின்றுவிட்டால் அது பெரும்பாலும் வால்வு ஆயில் சீல். சின்னச் செலவு. மேட்டில் ஆக்ஸிலேட்டர் முறுக்கும்போதெல்லாம் பின்னால் வருகிறவர் முகத்தைச் சுளிக்கும் அளவுக்கு நீலப் புகை வந்தால் ரிங்கும் போரும். அதற்கு முன்னால் டிரெயின் போல்ட், கியர் லீவர் சீல், கிளட்ச் கவர் ஓரம் எல்லாம் துணியால் துடைத்து மறுநாள் பாருங்கள். எரிந்த ஆயிலென்று நினைத்தது சில நேரம் கசிந்த ஆயிலாக இருக்கும்.

எத்தனை கிலோமீட்டருக்கு மாற்றுவது என்பதில் என் கருத்து புத்தகத்திலிருந்து கொஞ்சம் விலகும். இப்போது சில கம்பெனிகள் ஐயாயிரம், ஆறாயிரம் வரை சொல்கின்றன. உங்களுக்கு 2,500 என்பேன். மீட்டர் சக்கரம் உருண்டதைத்தான் எண்ணும், இன்ஜின் உழைத்த நேரத்தை எண்ணாது. பார்சலில் 85 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி 40 கிலோமீட்டர்தான், ஆனால் ஹோட்டல் வாசலில், நாலு ரோட்டு நெரிசலில், முகவரி தேடி நிற்கும் சந்தில் என்று அதற்கும் இன்ஜின் மூன்று மணி நேரம் ஓடியிருக்கும். ஆக 2,500 கிலோமீட்டருக்கு உங்கள் இன்ஜின் 120 மணி நேரம் உழைக்கிறது. பைபாஸில் 35 வேகத்தில் போய் வருகிறவருக்கு அதே தூரம் எழுபது மணி நேரம்தான். அவருடைய 4,000-மும் உங்களுடைய 2,500-ம் கிட்டத்தட்ட ஒன்று. ஹோட்டல் வாசலில் வண்டியை அணைத்துவிட்டு நின்றால் 3,000 வரை போகலாம், ஆட்சேபம் இல்லை.

எந்த ஆயில் என்றால், உங்கள் புத்தகத்தில் போட்டிருக்கும் கிரேடு. இந்த வகை வண்டிகளுக்குப் பெரும்பாலும் 10டபிள்யூ-30. டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். நம் வண்டியில் கிளட்ச் தட்டும் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கிறது. காருக்கான ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். அதற்குமேல் விலை கூடிய சிந்தெடிக் தேவையா என்று கேட்பவர்களுக்கு என் பதில், அந்தக் காசுக்கு ஒருமுறை கூடுதலாக மாற்றுங்கள் என்பதுதான். டிரெயின் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். போல்ட்டை மூச்சுப் பிடித்து முறுக்க விடாதீர்கள். கேஸ் அலுமினியம், மரை போனால் பெரிய வேலை. தொழில் பழகிய காலத்தில் நானே ஒன்றைக் கெடுத்துவிட்டு ஒரு வாரக் கூலியைக் கொடுத்திருக்கிறேன்.

செயினுக்கு வருகிறேன். கரகர சத்தத்துக்குக் காரணம் நீங்கள் வாங்கிய செயின் இல்லை, மாற்றாமல் விட்ட பல்சக்கரம். 428 செயினில் ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் 12.7 மில்லிமீட்டர். பழைய செயின் நீண்டுகொண்டே போனபோது, அந்த நீளத்துக்கு ஏற்றபடி ஸ்ப்ராக்கெட்டின் பல்லும் தேய்ந்து கொக்கி மாதிரி வளைந்துவிட்டது. அதன்மேல் சரியான அளவுள்ள புதுச் செயினைப் போட்டால் உருளைகள் பள்ளத்தில் உட்காராமல் பல்லின்மேல் ஏறி ஏறி இறங்கும். சத்தம் அதுதான். ஒவ்வொரு ஏற்றமும் செயினை இழுக்கிறது. அதனால்தான் வாரம் ஒருமுறை தொய்கிறது. முன்னால் 14 பல், பின்னால் 44 பல் உள்ள வண்டியில் முன்பல் ஒவ்வொன்றும் பின்பல்லைவிட மூன்று மடங்கு அதிகமாகச் செயினைச் சந்திக்கிறது. முதலில் தேய்வது அது. ஆனால் அது கவருக்குள் ஒளிந்திருப்பதால் யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் எப்போதும் ஒரே செட்டாகத்தான் மாற்ற வேண்டும். உங்கள் ஆறாயிரம் கிலோமீட்டர் செயின் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று வேண்டுமானால் அளந்து பாருங்கள். இறுக்கிப் பிடித்து 20 கண்ணியை அளந்தால் புதிதில் 254 மில்லிமீட்டர் வரும். 259 வந்தால் குப்பை. 256-க்குள் இருந்தாலும் நான் புது ஸ்ப்ராக்கெட்டோடு அதைப் போட மாட்டேன். செட் விலையில் செயின் தனியாகப் பெரிய மிச்சம் தராது.

செட் மாற்றும்போது பின்சக்கரத்தில் கப்ளிங் ரப்பரையும் பாருங்கள். சக்கரத்தை ஒரு கையால் பிடித்து ஸ்ப்ராக்கெட்டை முன்னும் பின்னும் ஆட்டினால் லொடலொடவென்று ஆடக் கூடாது. ஆடினால் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் செயினுக்கு ஒரு அடி விழுகிறது என்று பொருள். செயின் லாக் போடும்போது அதன் திறந்த வாய் செயின் ஓடும் திசைக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் என்றாவது ஒருநாள் கழன்று நடுரோட்டில் விடும்.

டைட் வைப்பதிலும் ஒரு விஷயம். எல்லா இடத்திலும் செயின் ஒரே மாதிரி தேய்வதில்லை. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, அடியில் கவர் துளையின் ரப்பரை எடுத்துவிட்டு நான்கு இடத்தில் விரலால் தூக்கிப் பாருங்கள். எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதோ அங்கேதான் அளக்க வேண்டும். அந்த இடத்தில் 25 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் போதும். உங்கள் வண்டியின் ஸ்டிக்கரில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. தொய்ந்த இடத்தில் அளந்து இறுக்கினால், நீங்களும் மூட்டையும் ஏறி உட்கார்ந்ததும் இறுக்கமான இடம் கம்பியாக நிற்கும். அப்புறம் கியர் பாக்ஸ் பேரிங்கும் ஹப் பேரிங்கும் பலியாகும். சத்தம் வந்ததும் டைட் வைப்பது பலருக்கும் ஒரு கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது.

எண்ணெய் விடுவது நான்கு நாளைக்கு ஒருமுறை, ஆயில் மட்டம் பார்க்கும் அதே சமயம். 90 கியர் ஆயில் போதும். வண்டியை நிறுத்தியதும் செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போது உள்பக்க உருளைகளில் சொட்டுச் சொட்டாக விட்டு, சக்கரத்தைச் சுற்றி, மிஞ்சியதைத் துணியால் துடைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். ராத்திரியில் விட்டால் உள்ளே இறங்க நேரம் கிடைக்கும். காலையில் விட்டுவிட்டுக் கிளம்பினால் பாதி டயரில் தெறிக்கும். இறக்கிய பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுகிறவர்கள் நம் ஊரில் பாதிப் பேர். அதில் இருக்கும் கரியும் இரும்புப் பொடியும் செயினை ராவும். காய்ந்த செயினைவிடத் தேவலாம் என்று மட்டும் சொல்லலாம். இப்படிப் பார்த்துக்கொண்டால் ஒரு செட் பதினைந்திலிருந்து இருபதாயிரம் வரும். வருடத்துக்கு 39,000 ஓட்டும் உங்களுக்கு இரண்டு செட் செலவு உண்டு. அதை இப்போதே கணக்கில் எடுத்து வையுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஏர் ஃபில்டர் பத்தாயிரத்துக்கு ஒன்று. கிரஷர் லாரிகள் ஓடும் மண் ரோட்டில் உங்கள் ரூட் இருந்தால் அதற்கும் முன்னால். எண்ணெய் தோய்ந்த பேப்பர் ஃபில்டரை ஏர் அடித்துத் திரும்பப் போடக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். பிளக்கையும் அப்போதே மாற்றுங்கள். டயரில் தேய்மானக் குமிழ் ரப்பரோடு சமமாகிவிட்டால் அன்றே மாற்றுங்கள். பின்சக்கரக் காற்று, தனியாக ஓட்டுகிறவருக்கான எண் இல்லை. பார்சல் மூட்டையை ஓர் ஆளாக நினைத்து, பின்னால் ஆள் இருந்தால் எவ்வளவு என்று ஸ்டிக்கரில் இருக்கிறதோ அந்த எண்.

வருமானம் போகாமல் இதையெல்லாம் எப்படிச் செய்வது? மாதக் கணக்கை மறந்துவிட்டு டூட்டி நாளை எண்ணுங்கள். நான்கு நாள் என்றால் 500 கிலோமீட்டர். அது உங்கள் கையால் வீட்டு வாசலில் பத்து நிமிட வேலை. இருபது நாள் என்றால் 2,500. ஆயில் மாற்றம், பிரேக் அம்புக்குறி, செயின் அளவு. மூன்றிலிருந்து ஏழு மணி வரை உங்களுக்குக் கிடைக்கும் இடைவெளியில் முக்கால் மணி நேரத்தில் முடியும். முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டுப் போனால் வரிசையில் நிற்க வேண்டாம். எண்பது நாள் என்றால் பத்தாயிரம். நீங்கள் இத்தனை நாள் செய்துவந்த மூன்று மாத சர்வீஸ் இந்த இடத்தில்தான் பெரிய சர்வீஸாக வந்து உட்காரும். ஃபில்டர், பிளக், இரண்டு சக்கரமும் கழற்றி பிரேக் தூசி துடைத்து கேமுக்கு கிரீஸ், வால்வு டேப்பட். டேப்பட் இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போதுதான் வைக்க முடியும். ஓட்டிக்கொண்டு வந்த வண்டியில் உடனே டேப்பட் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். முந்தின நாள் ராத்திரி ஆர்டர் முடித்துப் பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு, காலையில் முதல் வேலையாக எடுக்கச் சொன்னால் பார்சல் ஏற்றும் நேரத்துக்குள் கையில் வாங்கிவிடலாம்.

இந்த வாரத்துக்கு வரிசை இது. நாளைக்கே மதியம் மூன்று மணிக்கு, இரண்டு சக்கரத்திலும் பிரேக் ஷூ, டிரம் பார்ப்பது. அதுவரை தொப்பூர் இறக்கப் பார்சலை வேறொருவரிடம் மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்து செயின் செட்டும் கப்ளிங் ரப்பரும். ஆயில் கடைசியாக மாற்றியதிலிருந்து 2,500 ஆகியிருந்தால் அதுவும் அன்றே. இல்லையென்றால் மேல் கோடு வரை ஊற்றிவிட்டு அளக்கத் தொடங்குங்கள். போர் வேலைக்கு யாரிடமும் முன்பணம் கொடுக்க வேண்டாம். பன்னிரண்டு டூட்டி நாள் கழித்து, 500 கிலோமீட்டருக்கு ஒன்றாக மூன்று தடவை ஊற்றிய மில்லி கணக்கையும், காலை ஸ்டார்ட்டில் புகை வந்ததா, மேட்டில் வந்ததா என்பதையும் எழுதி அனுப்புங்கள். இன்ஜினைத் திறப்பதா வேண்டாமா என்று அதை வைத்துச் சொல்கிறேன்.